மாடு கத்தினதும் சினை ஊசியா? கொஞ்சம் பொறுங்க!

"மூணு ஊசி போட்டாச்சு, சினை நிக்கல. மாட்டைத் தள்ளி விட்டுரலாம்னு இருக்கேன்." கறவை மாடு வச்சிருக்கிற நம்ம ஆளுங்க கூடுற இடத்துல எல்லாம் இந்தப் பேச்சு இருக்கும். அப்படிச் சொல்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது ஒண்ணுதான். "ஊசி போட்டது எத்தனை மணிக்கு? மாடு பருவத்துக்கு வந்ததை எத்தனை மணிக்குப் பாத்தீங்க?" பெரும்பாலும் பதில் தெளிவா வராது. "காலையில கத்துச்சு, போன் பண்ணினோம், வந்து போட்டுட்டுப் போனாங்க" என்பார்கள்.

மாட்டில் குறை இருந்து சினை பிடிக்காமல் போவதும் உண்டு. ஆனால் குறையே இல்லாத மாடு, ஊசி போட்ட நேரம் தப்பியதால் மட்டும் அடிமாட்டு வண்டி ஏறுவதையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கட்டுரையில் நேரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: பருவம் எப்போது தொடங்கியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அதிலிருந்து எத்தனை மணி நேரம் கழித்து ஊசி போடுவது.

கத்துவது தொடக்கம் அல்ல, முன்னறிவிப்பு

சினை இல்லாத மாடு 21 நாளுக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும். சில மாடு 18 நாளில் வரும், சில மாடு 24 நாள் ஆக்கும். அதே மாட்டுக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் மாறாது.

பருவத்தை மூன்று கட்டமாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

முதல் கட்டத்தில் மாடு நிலைகொள்ளாது. கத்தும், தீவனத்தைப் பாதியில் விட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கும், அசைபோடுவது குறையும். கறக்கும்போது பாலை அடக்கிக்கொள்ளும். பக்கத்து மாட்டை மோந்து பார்க்கும், அதன் முதுகில் தாடையை வைக்கும், அதன் மேல் தாவவும் பார்க்கும். பிறப்பு உறுப்பு லேசாகத் தடித்து, சுருக்கம் விரிந்து பளபளப்பாக இருக்கும். தண்ணீர் மாதிரி கொஞ்சம் வழும்பு வரலாம். ஆனால் இன்னொரு மாடு தன் மேல் ஏற வந்தால் விலகி ஓடிவிடும். இந்தக் கட்டம் சில மணி நேரம் இருக்கும், சில மாட்டில் அரை நாளும் நீளும்.

இரண்டாவது கட்டம்தான் உண்மையான பருவம். இன்னொரு மாடு மேலே ஏறினால் நகராமல் நிற்கும். எத்தனை அறிகுறி சொன்னாலும், நம்பக்கூடிய ஒரே அறிகுறி இந்த "நிற்பது"தான். வழும்பு இப்போது கண்ணாடி மாதிரி தெளிவாக, அறுந்து விழாமல் கயிறு போலத் தொங்கும். வாலிலும் பின்தொடையிலும் ஒட்டி இருக்கும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் கழிக்கும். கலப்பின மாட்டில் இந்தக் கட்டம் பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரம்.

மூன்றாவது கட்டத்தில் மாடு அடங்கும். மேலே ஏற விடாது. வழும்பு குறைந்து கெட்டியாகும். தீவனம் எடுக்கத் தொடங்கும். பார்க்கிறவர்கள் "பருவம் போயிருச்சு" என்று நினைப்பார்கள். ஆனால் கருமுட்டை அதுவரை வெளியே வந்திருக்காது. மாடு நிற்பதை விட்ட பிறகு ஏறத்தாழ 10 முதல் 14 மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளியேறுகிறது. நேரம் தப்புவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. மாட்டின் ஆர்ப்பாட்டம் எல்லாம் முன்னால் நடக்கிறது. முட்டையோ எல்லாம் அடங்கிய பிறகு வருகிறது.

எப்போது ஊசி? கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஊசி வழியாக உள்ளே போன விந்தணு உடனே சினைப்படுத்திவிடாது. கருப்பைக்குள் பக்குவப்பட அதற்கு 6 மணி நேரம் போல வேண்டும். அதன் பிறகு, போட்ட நேரத்திலிருந்து ஒரு நாள் அளவுக்கு வீரியத்தோடு இருக்கும். முட்டையின் ஆயுள் அதைவிடக் குறைவு, வெளியே வந்து 8 அல்லது 10 மணி நேரம்தான் தாங்கும். ஆக, முட்டை வரும்போது விந்தணு பக்குவப்பட்டுக் காத்திருக்க வேண்டும். அதுவே ரொம்ப முன்னாடி போய்க் காத்திருந்தால் முட்டை வருவதற்குள் வீரியம் போய்விடும்.

ஒரு உதாரணம். காலை 6 மணிக்கு மாடு நிற்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 16 மணி நேரப் பருவம் என்றால் இரவு 10 மணிக்கு அடங்கும். அதற்கு 12 மணி நேரம் கழித்து, மறுநாள் காலை 10 மணி வாக்கில் முட்டை வரும். அது இரவு 7 மணி வரை தாங்கும்.

காலை 7 மணிக்கே ஊசி போட்டால், விந்தணுவின் ஒரு நாள் மறுநாள் காலை 7 மணிக்கு முடிகிறது. முட்டை வருவது 10 மணிக்கு. சேரும் வாய்ப்பு ரொம்பக் குறைவு.

அன்றைக்கு மாலை 5 அல்லது 6 மணிக்குப் போட்டால், நள்ளிரவுக்குள் விந்தணு தயார். மறுநாள் மாலை வரை வீரியம் இருக்கும். நடுவில் 10 மணிக்கு முட்டை வந்து சேரும். இதுதான் நமக்கு வேண்டியது.

மறுநாள் மதியம் 2 மணிக்குப் போட்டால், விந்தணு பக்குவப்படும்போது இரவு 8 மணி. முட்டை அதற்குள் கெட்டிருக்கும்.

இதனால்தான் "காலையில் பார்த்தால் மாலை, மாலையில் பார்த்தால் மறுநாள் காலை" என்ற விதி வந்தது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பர்கர் என்பவர் 1940களில் கறவை மாடுகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் இருந்து உருவான விதி இது. இன்றைக்கும் கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். ஆனால் நம்ம ஊரில் இந்த விதியைச் சொல்லும்போது ஒரு வார்த்தை விடுபட்டுப் போகிறது. "பார்த்தால்" என்பது கத்துவதைப் பார்ப்பது அல்ல, நிற்பதைப் பார்ப்பது.

ஒரு மாட்டின் கதை

எங்கள் ஊரில் ஒரு அக்கா இரண்டு மாடு வைத்துப் பிழைப்பு நடத்துகிறார். அதில் ஒன்று ஜெர்சி கலப்பு, இரண்டாம் ஈத்து, காலையும் மாலையும் சேர்த்து 9 லிட்டர் கறந்தது. கன்று ஈன்ற மூன்றாம் மாதத்தில் தொடங்கி மூன்று தடவை ஊசி போட்டும் நிற்கவில்லை. ஆறாவது மாதம் நெருங்கிவிட்டது, பாலும் இறங்கிக்கொண்டே வந்தது. வியாபாரி வந்து விலை பேசிவிட்டுப் போயிருந்தார்.

நான் போய்க் கேட்டப்போ, மூன்று தேதியையும் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார். அதுதான் அந்த மாட்டைக் காப்பாற்றியது. தேதிகளுக்கு நடுவே 21 நாள், 20 நாள் என்று இருந்தது. அப்படியென்றால் சூலகம் ஒழுங்காக வேலை செய்கிறது. "வழும்பு எப்படி இருந்துச்சுக்கா?" என்றேன். "தண்ணி மாதிரிதான் தம்பி, முட்டையோட வெள்ளைக்கரு மாதிரி." அப்படியென்றால் கருப்பையில் சீழ் இருக்க வாய்ப்பு குறைவு. "எத்தனை மணிக்குப் போட்டாங்க?" "விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கத்தும். ஆறு மணிக்குப் போன் பண்ணுவேன். ஒன்பதுக்குள்ள வந்து போட்டுருவாங்க. மூணு தடவையும் அப்படித்தான்."

அடுத்த பருவத்துக்கு 19ஆம் நாளில் இருந்தே காவல் இருக்கச் சொன்னேன். அந்த மாடு தனியாகக் கட்டியே கிடப்பது. ஏறுவதற்கும் நிற்பதற்கும் துணை இல்லை. பக்கத்து வீட்டுக் கிடாரி ஒன்றை காலை, மதியம், மாலை மூன்று வேளையும் கால் மணி நேரம் அதோடு சேர்த்து அவிழ்த்து விடச் சொன்னேன்.

21ஆம் நாள் விடியற்காலை 5 மணிக்கு வழக்கம் போலக் கத்தியது. 5.30க்குக் கிடாரியை விட்டார். மாடு கிடாரி மேல் தாவியது. ஆனால் கிடாரி தாவினால் விலகி ஓடியது. அப்போது போன் பண்ணவில்லை. 8 மணிக்கு மறுபடி பார்த்தார், அதே கதை. 10 மணிக்குக் கிடாரி ஏறியபோது அசையாமல் நின்றது. வழும்பும் கயிறாகத் தொங்கியது. உண்மையான தொடக்கம் 10 மணி. கத்தியதற்கும் நின்றதற்கும் நடுவில் 5 மணி நேரம்!

கணக்குப்படி இரவு 10 மணி சரியான நேரம். அந்த நேரத்துக்கு யார் வருவார்கள்? மாலை 7 மணிக்கு வரச் சொல்லிப் போட்டோம். முட்டை மறுநாள் பிற்பகல் 2 மணி வாக்கில் வந்திருக்கும். மாலை போட்ட விந்தணுவுக்கு அதுவரை வீரியம் இருக்கும். மறுநாள் காலை 7 மணிக்குப் போட்டிருந்தாலும் சரியாகத்தான் வந்திருக்கும். முன்னால் போட்ட 9 மணி ஊசியை இதே கணக்கில் வைத்துப் பாருங்கள்: மறுநாள் 9 மணிக்கு வீரியம் முடிகிறது, முட்டை 2 மணிக்கு வருகிறது. அந்த ஊசி மாடு நிற்பதற்கு முன்னாடியே போட்ட ஊசி.

21 நாள் போனது, 42 நாள் போனது, மாடு கத்தவில்லை. 70ஆம் நாள் மருத்துவர் கைவிட்டுப் பார்த்துச் சினை என்று சொன்னார். ஒரு மாட்டை வைத்து எல்லா மாட்டுக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் வியாபாரி விலை பேசிய மாடு அன்றைக்கு வண்டி ஏறவில்லை.

கட்டியே கிடக்கும் மாட்டில் எப்படிப் பார்ப்பது?

ஒற்றை மாடு வைத்திருக்கிறவர்களுக்குத்தான் சிரமம் அதிகம். துணை மாட்டோடு அவிழ்த்து விட முடிந்தால் அதைவிட நல்ல வழி இல்லை. முடியாதவர்கள் மாட்டின் பின்பக்கம் நின்று, இடுப்பில் வாலடிக்கு முன்னால் இரண்டு கையாலும் நன்றாக அழுத்திப் பாருங்கள். பருவத்தில் இருக்கிற மாடு வாலை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, முதுகைத் தாழ்த்தி நிற்கும். மற்ற நேரத்தில் நெளிந்து விலகும். உங்கள் மாடு சாதாரண நாளில் எப்படி நடந்துகொள்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் இந்தச் சோதனை உதவும்.

மாடுகள் அவிழ்த்துக் கிடக்கும் கட்டுத்தறியாக இருந்தால், வாலடி மேட்டில் காவியைக் குழைத்து ஒரு சாண் நீளத்துக்குப் பூசி விடுங்கள். இரவில் மற்ற மாடு ஏறியிருந்தால் காலையில் காவி கலைந்திருக்கும். அந்த இடத்தில் முடி சிலுப்பி இருப்பதும், பக்கவாட்டில் குளம்புச் சேறு அப்பி இருப்பதும் அதே செய்தியைச் சொல்லும்.

பார்க்கிற நேரமும் முக்கியம். மாடுகள் ஏறுவதும் நிற்பதும் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான். வெயில் காலத்தில் பகலில் ஒன்றும் தெரியாது. விடியற்காலையில் சாணி அள்ளுவதற்கு முன்னால் ஒரு தடவை பாருங்கள். படுத்த இடத்தில் வழும்பு விழுந்திருந்தால் அப்போதுதான் தெரியும், கழுவிவிட்டால் தடயம் போச்சு. மாலை ஒரு தடவை, இரவு படுக்கப் போகும் முன் டார்ச் அடித்து ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம் சும்மா நின்று பாருங்கள். தீவனம் வைக்கிற, கறக்கிற நேரத்தில் மாட்டின் கவனம் வேறு பக்கம் இருக்கும்.

சில மாடு கத்தாது, குதிக்காது. இதை ஊமைப் பருவம் என்பார்கள். எருமையிலும், கன்று ஈன்று முதலில் வரும் பருவத்திலும், கடும் வெயிலிலும், தீவனம் பத்தாத மாட்டிலும் இது அதிகம். இதில் வழும்பும், பால் அடக்குவதும், நாட்காட்டிக் கணக்கும்தான் வழிகாட்டி.

நாட்டு மாட்டுக்கு வேறு கணக்கு

நம்மில் பலர் காங்கேயம், பர்கூர், உம்பளச்சேரி என்று நாட்டு இனங்களுக்குத் திரும்பியிருக்கிறோம். இவற்றில் பருவம் குறுகியது. பல மாட்டில் 10, 12 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆர்ப்பாட்டமும் குறைவு. இரவில் தொடங்கி, நாம் எழுந்து பார்க்கும்போது பாதி போயிருக்கும். அதனால் நாட்டு மாட்டைக் காலையில் நிற்கப் பார்த்தால் மாலை வரை இழுக்க வேண்டாம், மதியத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. மாலையில் பார்த்தால் மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகப் போடுங்கள். பொலிகாளை உள்ள ஊரில் இந்தக் கவலை குறைவு. காளையை மந்தையோடு விட்டால் நேரம் அதற்குத் தெரியும். மாட்டைக் காளையிடம் ஓட்டிப்போகிறவர்களுக்கு மேலே சொன்ன கணக்கேதான்.

இரத்தம் தெரிந்தால்?

பருவம் அடங்கி ஒன்று முதல் மூன்று நாளில் சில மாட்டுக்கு, முக்கியமாகக் கிடாரிக்கு, வாலில் கொஞ்சம் இரத்தம் கலந்த வழும்பு தெரியும். "ஊசி பிடிக்கல, இரத்தமா வந்துருச்சு" என்று பலர் பயப்படுகிறார்கள். அது தவறு. சினை பிடித்த மாட்டிலும் வரும், பிடிக்காத மாட்டிலும் வரும். பருவம் வந்து போனது என்பது மட்டும்தான் அதன் பொருள்.

பருவத்தைத் தவறவிட்டவர்களுக்கு இது ஒரு உதவி. இரத்தம் பார்த்த அன்று ஊசி போடாதீர்கள், முட்டை எப்போதோ போய்விட்டது. தேதியைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து 16ஆம் நாள் தொடங்கிக் காவல் இருங்கள். 18, 19ஆம் நாள் வாக்கில் அடுத்த பருவம் வரும்.

ஊசி போடக்கூடாத மாடு

வழும்பு கலங்கலாக, வெள்ளையாக, சீழ் கலந்து, நாற்றத்தோடு இருந்தால் ஊசி போடாதீர்கள். கருப்பையில் புண் இருக்கிறது. நஞ்சுக்கொடி விழாமல் இருந்த மாட்டில் இது அதிகம். முதலில் மருத்துவரிடம் காட்டி, அடுத்த பருவத்தில் வழும்பு தெளிந்ததா என்று பார்த்துப் போடுங்கள்.

கன்று ஈன்று 60 நாள் ஆகாத மாட்டுக்கும் அவசரப்பட வேண்டாம். அந்தப் பருவத்தை எழுதி மட்டும் வையுங்கள்.

ஏற்கெனவே ஊசி போட்டு இரண்டு மூன்று மாதம் ஆன மாடு திடீரென்று கத்தினால் ரொம்பக் கவனம். சினை மாட்டிலும் சில, பருவ அறிகுறி காட்டும். அதற்கு மறுபடி ஊசி போட்டால், குழாய் கருப்பைவாயைத் தாண்டும்போது உள்ளே இருக்கிற கன்று போய்விடலாம். முதலில் சினை இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்த பிறகுதான் ஊசி.

சரியான நேரத்தில் மூன்று தடவை போட்டும் நிற்காத மாட்டுக்கு வேறு காரணம் தேட வேண்டும். பருவம் 24 மணி நேரத்தைத் தாண்டி நீண்டால் மறுநாளும் ஒரு ஊசி போட வேண்டியிருக்கும், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நம்மவர்கள் வெள்ளை முள்ளங்கி, சோற்றுக்கற்றாழை, முருங்கை இலை, பிரண்டை, கறிவேப்பிலை என்று இந்த வரிசையில், நான்கைந்து நாளுக்கு ஒன்றாக, வெல்லமும் உப்பும் சேர்த்துப் பருவத்தின் முதல் நாளில் இருந்து கொடுத்து வருகிறார்கள். கொடுக்கலாம். ஆனால் மாட்டுக்கு எந்த மருந்து கொடுத்தாலும், காலை 10 மணிக்கு நிற்கப்போகிற மாட்டுக்கு 9 மணிக்குப் போட்ட ஊசியை அது சரிசெய்யாது.

ஊசி போடும்போது

விந்துக் குச்சியைத் திரவ நைட்ரஜன் கலனில் இருந்து எடுத்து, 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் வைத்து உருக்க வேண்டும். வருகிறவருக்கு வெந்நீர் தயாராக வைத்திருங்கள். சட்டைப்பையில் உருக்கி எடுத்து வந்த குச்சியை ஏற்காதீர்கள். குச்சியின் மேல் காளையின் எண் அச்சிட்டிருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னும் பின்னும் மாட்டை வெயிலில் நடத்தாமல், அடிக்காமல், நிழலில் கட்டித் தண்ணீர் காட்டுங்கள்.

சுவரில் ஆறு கட்டம்

கடைசியாக, ஒவ்வொரு மாட்டுக்கும் ஆறு செய்தி எழுதி வையுங்கள்: கன்று ஈன்ற தேதி, மாடு நின்றதை முதலில் பார்த்த தேதியும் மணியும், வழும்பின் தன்மை, ஊசி போட்ட மணியும் காளை எண்ணும், இரத்தம் தெரிந்த நாள், சினை பார்த்த தேதி. ஊசி போட்ட நாளில் இருந்து 18ஆம் நாளில் ஒரு புள்ளி வையுங்கள். அன்றிலிருந்து ஒரு வாரம் தினமும் மூன்று வேளை பாருங்கள். பருவம் வரவில்லை என்றால் 60 நாளுக்கு மேல் சினை பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு பருவத்தைத் தவறவிட்டால் 21 நாள் போகிறது. ஒரு மாட்டுக்கு நாளைக்கு 150 ரூபாய் தீவனச் செலவு என்று வைத்தாலும் 3,150 ரூபாய். சுவரும் கரித்துண்டும் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.